குளத்து ஆமையின் காதோரம் பாருங்கள்

கந்தளாய்ப் பக்கம் குளத்தில் மரக்கட்டை மேல் வெயில் காயும் ஆமையைப் படம் எடுத்தால், ஓட்டை விட்டுவிட்டுத் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, பச்சைக் கழுத்தில் மஞ்சள் கோடுகள் என்றால் அது அமெரிக்காவின் செங்காது ஆமை. மீன் தொட்டிக்கென்று நாணயமளவில் வாங்கியது சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்ததும், யாரோ 'புண்ணியம்' என்று குளத்தில் விட்டிருப்பார்கள்.

அவசரப்பட வேண்டாம். நம் கறுப்பு ஆமைக்கும் தலையில் செம்மஞ்சள் புள்ளிகள் உண்டு. ஆனால் அவை சிதறிய புள்ளிகள், நீண்ட பட்டையல்ல. ஓட்டின் மேல் மூன்று வரம்புகளும் நீளவாக்கில் ஓடும். பாலாமையின் ஓடோ தோல்போல் வழுவழுப்பாக இருக்கும். வயதான செங்காது ஆண் ஆமை கறுத்துப் பட்டை மங்கிவிடும் என்பதுதான் சிக்கல். அப்போது முன்னங்கால்களின் மிக நீண்ட நகங்களைக் கவனியுங்கள்.

வந்தேறி ஆமை பல பத்தாண்டுகள் வாழும். வெயில் காயும் இடத்தையும் இரையையும் உள்ளூர் ஆமைகளிடமிருந்து பறிக்கும், நோயையும் பரப்பக்கூடும். பிடிக்கப் போகாமல், பக்கவாட்டுப் படத்தை இடம், திகதியுடன் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அனுப்புங்கள். தவறாகப் பிடிபடுவது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நம் ஆமையாக இருக்கலாம்.