ஆறு மொழி, ஆறு செய்தி, ஒரே மரியாதை: தொகுப்பை மாற்றி எழுதும் முறை

ஓர் இணையச் சேவையின் பயனர்களுக்கு ஒரே அறிவிப்பு ஆறு மொழிகளில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விஷயம் சின்னது. ஞாயிறு மாலை 6 மணிக்குள் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் கணக்கு பூட்டப்படும். தமிழ், ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம், ஸ்வீடிஷ் என ஒவ்வொரு மொழியிலும் வேறொருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். ஆங்கிலச் செய்தி நண்பனைத் தோளில் தட்டிக் கூப்பிடுகிறது. ஜப்பானியச் செய்தி இடுப்பு வளையக் குனிந்து நிற்கிறது. ஜெர்மன் செய்தி மரியாதையாகத் தொடங்கிக் கடைசி வரியில் ஒருமைக்கு இறங்கிவிடுகிறது. ஆறையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது எப்படி?

படி 1: உறவை ஒரு வரியில் எழுதுங்கள்

‘மரியாதையாக இருக்கட்டும்’ என்று மட்டும் குறித்துக்கொண்டால் ஆறு பேர் ஆறு விதமாகப் புரிந்துகொள்வார்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று எழுதுங்கள். நம் தொகுப்புக்கு இப்படி: ‘சேவை தருபவர், நேரில் அறிமுகமில்லாத வயதுவந்த பயனரிடம், நேரடியாகவும் பணிவாகவும் பேசுகிறார்.’ இனி எந்த மொழியில் சந்தேகம் வந்தாலும் இந்த வரியோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து மொழிச் செய்தியோடு அல்ல. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 2: மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்

ஜெர்மனிலும் ஸ்வீடிஷிலும் ‘டூ’ என்ற சொல் உண்டு. இரண்டும் முன்னிலை ஒருமை, கேட்கவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அறிமுகமில்லாத வாடிக்கையாளரை ஜெர்மனில் ‘டூ’ என்றால், நிறுவனம் வேண்டுமென்றே நெருக்கம் காட்டுகிறது என்று பொருள். வழக்கமான மரியாதைச் சொல் ‘ஸீ’. ஸ்வீடனிலோ 1960களின் இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட எல்லாரும் எல்லாரையும் ‘டூ’ என்றே அழைக்கிறார்கள். மரியாதை கூட்டுவதாக நினைத்து அதை ‘நீ’ என்ற பன்மைச் சொல்லுக்கு மாற்றினால், சிலருக்கு அது விலக்கி வைப்பதுபோல, மேலிருந்து பேசுவதுபோலக்கூடப் படும். (ஆம், ஸ்வீடிஷில் ‘நீ’தான் பன்மை. தமிழ்க் காதுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.) ஆகவே ஜெர்மன் ‘ஸீ’க்குச் சமமான ஸ்வீடிஷ் சொல் ‘டூ’. சொல் வடிவம் ஒத்துப்போகத் தேவையில்லை. அந்தந்த மொழிக்காரருக்கு எவ்வளவு இயல்பாகப் படுகிறது என்பதுதான் ஒத்துப்போக வேண்டும்.

வணக்கச் சொல்லும் அப்படித்தான். ஸ்வீடிஷ் ‘ஹேய்’ நம் காதுக்கு ஆங்கில ‘ஹே’ போல ஒலித்தாலும் அலுவல் மின்னஞ்சலில் சாதாரணமாக வரும் சொல். அதைத் தொடாதீர்கள், ஆங்கிலத்தில் இருக்கும் ‘ஹே’யைத்தான் ‘ஹலோ’ ஆக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றே ஒன்று. அங்கே அளவைக் காட்டுவது வணக்கமும் சுருக்க வடிவங்களும் வேண்டுகோளை வைக்கும் விதமும்தான். ஸ்பானிஷில் எழுவாய் பெரும்பாலும் மறைந்தே இருக்கும் என்பதால் மரியாதை வினை விகுதியில் உட்கார்ந்திருக்கும். ஜப்பானியத்தில் வாக்கிய முடிவில் தேடுங்கள்.

படி 3: ஒவ்வொன்றாக மாற்றி எழுதுங்கள்

தமிழில் தொடங்குவோம். வந்த செய்தி: ‘பாஸ்வேர்டை மாத்திடுங்க.’ மரியாதைப் பன்மை இருக்கிறது, ஆனால் பேச்சு வழக்கு. இதைத் திருத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் ‘மாற்றவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதில் விறைப்பு கூடுகிறது, மரியாதை கூடுவதில்லை. ‘மாற்றவும்’ என்பது பலகையில் எழுதிய அறிவிப்பு; எதிரே ஆள் இருப்பதாகவே அது காட்டிக்கொள்வதில்லை. முன்னால் ‘தயவுசெய்து’ சேர்த்தாலும் பலகை பலகைதான். இன்னொரு பக்கம் ‘மாற்றுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் அலுவலகக் கடிதமாகிவிடும். நம் ஒருவரி உறவுக்குப் பொருந்துவது: ‘ஞாயிறு மாலை 6 மணிக்குள் உங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் கணக்கு பூட்டப்படும்.’ இதை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் இந்த நான்கு வடிவங்களுக்கும் இடையிலுள்ள தூரம் உங்களுக்கு யோசிக்காமலே தெரியும்.

ஸ்பானிஷில் வந்தது ‘காம்பியா து’, அதாவது ‘உன்னுடையதை மாற்று’. ‘காம்பியே சு’ என்று மாறவேண்டும். இரண்டே எழுத்து மாற்றம்போல் தெரிந்தாலும் செய்தி முழுக்க எல்லா வினையும் கூடவே மாற வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஸ்பெயினில் வாடிக்கையாளரை ஒருமையில் அழைக்கும் நிறுவனங்கள் ஏராளம், கொலம்பியாவில் நெருங்கியவர்களிடம்கூட மரியாதை வடிவம் சகஜம். எந்த நாட்டுக்குப் போகிறது என்று கேட்காமல் கைவைக்காதீர்கள்.

ஜப்பானியத்தில் நாம் இறக்க வேண்டியிருக்கிறது. வந்த செய்தி ‘ஸைவாய் நி ஸோன்ஜிமஸு’ என்று முடிகிறது. ‘செய்து தந்தால் மகிழ்வோம்’ என்ற மாதிரியான மிகப் பணிந்த முடிவு. இங்கே பணிவைவிடப் பெரிய சிக்கல் பொருள் மாறுவது. கட்டாயம் செய்ய வேண்டியது, விருப்பப்பட்டால் செய்யலாம் என்று ஆகிவிடுகிறது. அதற்காக ‘ஷிதே குடசாய்’ வரை இறக்கினால் அறிவுறுத்தல் போல ஒலிக்கும். அலுவல் வழக்கில் நடுவில் நிற்பது ‘ஓனேகாய் இதஷிமஸு’. பயனரைக் குறிக்க ‘அனாதா’ என்ற சொல் வேண்டாம்; பெயரோடு ‘ஸாமா’ சேர்த்தால் போதும்.

ஆங்கிலத்தில் எதிர்த்திசை ஆபத்து. மரியாதையை ஏற்றும் வேகத்தில் ‘தங்களுக்கு வசதியான நேரத்தில்’ என்ற பாணித் தொடர் நுழைந்து, ஞாயிறு 6 மணி காணாமல் போகும். ஆறு செய்தியிலும் மூன்று விஷயங்களை விரலால் தொட்டுச் சரிபாருங்கள்: என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும்.

படி 4: மிச்சம் மீதியைத் தேடிப் பிடியுங்கள்

மாற்றி எழுதிய செய்திகளில் மிக அதிகமாகக் கிடைக்கும் பிழை கலப்படம். தொடக்கம் ‘ஸீ’, முடிவு ‘டைன்’ (உன்னுடைய). கண்ணால் படிக்கும்போது நழுவிவிடும், ஆகவே ஜெர்மன் செய்தியை de.txt, ஸ்பானிஷ் செய்தியை es.txt என்ற கோப்பில் வைத்து, grep என்ற தேடல் கட்டளையால் கணினியைத் தேடச் சொல்லுங்கள்:

```
grep -niwE 'du|dich|dir|dein[a-z]*' de.txt
grep -niwE 'tú|tu|tus|te|ti' es.txt
```

இரண்டும் எதையும் காட்டாவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியை இந்தத் தேடல் பார்க்காது: ஸ்பானிஷில் ‘காம்பியா’ என்ற வினை ஒருமையிலேயே தங்கியிருந்தால் அதற்கு மேலே உள்ள பட்டியலில் இடமில்லை. ஏவல் வினைகளை ஒவ்வொன்றாகப் படித்தே ஆக வேண்டும். ஜெர்மனில் மரியாதைச் சொற்களான ‘ஸீ’, ‘இர்’ பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதையும் கையோடு பாருங்கள். சிறிய எழுத்தானால் ‘அவர்கள்’, ‘அவளுடைய’ என்று பொருள் திரும்பிவிடும்.

படி 5: அந்த மொழிக்காரரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

‘இது மரியாதையாக இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்றுதான் பதில் வரும். படி 1-இல் எழுதிய வரியைக் காட்டாமல், செய்தியை மட்டும் கொடுத்து, ‘இதை யார் யாருக்கு எழுதியிருப்பார்கள்?’ என்று கேளுங்கள். ‘ஏதோ கம்பெனி வாடிக்கையாளருக்கு’ என்றால் அந்த மொழி முடிந்தது. ‘அரசு அலுவலகம்’ என்றால் ஒரு படி இறக்குங்கள், ‘கூட வேலை செய்பவர்’ என்றால் ஏற்றுங்கள். ஆறு பேரின் பதிலும் ஒரே ஆளைக் காட்டும்வரை தொகுப்பை அனுப்ப வேண்டாம்.