தாயகத்தின் விடுமுறை நாட்களைக் கைக்கடிகாரத்தில் ஏற்றிக்கொள்ளும் முறை

தாயகப் பயணத்துக்கு முன் தமிழ் நாட்காட்டியைத் திறன் கைக்கடிகாரத்தில் சேர்க்க விரும்புவோர் பெரும்பாலும் கூகுள் நாட்காட்டியில் `Holidays in India` அல்லது `Holidays in Sri Lanka` என்பதைத் தெரிவுசெய்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். முழு நாட்டுக்குமான விடுமுறைகளை அறிய அது போதும். ஆனால், தமிழ்நாடு அரசு தன் மாநிலத்துக்கென அறிவிக்கும் நாட்களுக்கு அந்தப் பட்டியலை நம்பியிருக்க முடியாது. மேலும், நீங்கள் கால் வைக்கவே போகாத மாநிலங்களின் பண்டிகைகளெல்லாம் அதில் நிறைந்திருக்கும். கடிகாரத்தின் சிறிய திரை அவ்வளவையும் தாங்காது. பயணத்தின் ஐந்தாறு வாரங்களுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு நாட்காட்டியை நாமே உருவாக்கிக்கொள்வதுதான் என் பரிந்துரை.

டொரோண்டோவிலிருந்து 2026 ஜனவரி 13 அன்று சென்னையில் இறங்கி, ஒரு வாரத்துக்குப் பின் யாழ்ப்பாணம் சென்று, பிப்ரவரி நடுப்பகுதி வரை தங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஜனவரி 15 வியாழன் பொங்கல், 16 திருவள்ளுவர் நாள், 17 உழவர் திருநாள். மூன்றும் அரசு விடுமுறைகள். 18 ஞாயிறு. ஆகவே வங்கியிலோ பதிவு அலுவலகத்திலோ வேலை உள்ளவர் 14ஆம் தேதிக்குள் அதை முடிக்க வேண்டும். தவறினால் 19 வரை காத்திருக்க வேண்டும். இலங்கையில் அதே பொங்கலுக்கு 15 ஒன்றுதான் விடுமுறை. 16 வழக்கமான வேலைநாள். மாறாக, அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறையாகும். அன்று மது விற்பனைக்கும் தடை உண்டு. 2026 பிப்ரவரி 1 அப்படிப்பட்ட ஒரு நாள். தமிழ்நாட்டில் அதே நாள் தைப்பூச விடுமுறை. பிப்ரவரி 4 இலங்கையின் சுதந்திர நாள். ஒரே தேதிக்கு இரு கரைகளிலும் வெவ்வேறு பொருள் இருப்பதால், எந்த நாட்களில் எங்கே இருப்பீர்கள் என்று முதலில் வகுத்துக்கொண்டு, அந்தந்த இடத்துக்குரியதை மட்டும் எழுதுங்கள்.

தேதிகளைத் தாயகத்து நாட்காட்டியிலிருந்தே எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறை அரசாணையும், இலங்கைக்கு அரசின் விடுமுறை அறிவிப்பும் அடிப்படை. உங்கள் ஊர்க் கோயில் டொரோண்டோவில் அச்சிட்டுக் கொடுத்த நாட்காட்டி இதற்கு உதவாது. திதியும் நட்சத்திரமும் உலகம் முழுவதும் ஒரே கணத்தில் மாறுகின்றன. அந்தக் கணம் இடத்துக்கு இடம் வெவ்வேறு தேதியில் விழுகிறது. மேற்சொன்ன பௌர்ணமி முழுமையடையும் நேரம் டொரோண்டோவில் பிப்ரவரி 1 மாலை 5 மணி கடந்து சிறிது நேரம்; சென்னையில் அப்போது பிப்ரவரி 2 அதிகாலை 3.40 அளவில் இருக்கும். இதனால்தான் சில ஆண்டுகளில் கனடாக் கோயில்களின் விழா நாள் ஊரிலுள்ள நாளிலிருந்து ஒரு நாள் விலகி நிற்கிறது. கோயில் திருவிழாவுக்காகவே செல்வோர் அந்தக் கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுகிறதா, திருக்கணிதத்தையா என்று ஊரில் உள்ளவர்களிடம் கேட்டறிவது நல்லது.

தேதிகள் கைக்கு வந்ததும் ஒரு சாதாரண உரைக் கோப்பில் இவ்வாறு எழுதி, கோப்பின் பெயர் `.csv` என்று முடியுமாறு சேமித்துக்கொள்ளலாம்:

```
Subject,Start Date,All Day Event
பொங்கல் தை 1,01/15/2026,True
வள்ளுவர் நாள்,01/16/2026,True
உழவர் திருநாள்,01/17/2026,True
போயா தை 18,02/01/2026,True
சுதந்திர நாள்,02/04/2026,True
```

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கூகுள் இந்தக் கோப்பில் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எதிர்பார்க்கிறது. நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால் பொங்கலில் பிழை உடனே தெரிந்துவிடும், ஏனெனில் 15ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. ஆனால் பிப்ரவரி 1க்குரிய போயா சத்தமின்றி ஜனவரி 2இல் போய் அமர்ந்துகொள்ளும். ஆகவே ஏற்றிய பின் சரிபார்க்க வேண்டியது பன்னிரண்டும் அதற்குக் குறைவான நாட்களுமே. அடுத்தது எழுத்துக் குறிமுறை. எக்செலில் தயாரிப்பவர்கள் `CSV UTF-8` என்ற வகையைத் தெரிவுசெய்து சேமிக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

கணினியில் கூகுள் நாட்காட்டியைத் திறந்து, முதலில் `Create new calendar` வழியாகத் தாயகம் என்ற பெயரில் புதிய நாட்காட்டி ஒன்றைத் தொடங்குங்கள். பிறகு `Import & export` பகுதியில் கோப்பைத் தெரிவுசெய்து, `Add to calendar` என்ற இடத்தில் அந்தப் புதிய நாட்காட்டியைக் காட்டுங்கள். உங்கள் முதன்மை நாட்காட்டிக்குள் ஏற்றிவிட்டுப் பிழை கண்டால் ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க வேண்டியிருக்கும். தனி நாட்காட்டியானால் முழுவதையும் நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றிவிடலாம்.

கோப்பில் `All Day Event` என்ற பகுதியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் நேர வித்தியாசம். பொங்கல் பானை வைக்கும் நேரம் என்று சென்னையின் காலை 6 மணியைக் குறித்தால், டொரோண்டோவில் இருக்கும்வரை கடிகாரம் அதை 14ஆம் தேதி இரவு 7.30 என்றே காட்டும். முழுநாள் நிகழ்வுக்கு நேர வலயம் கிடையாது. எந்த நாட்டில் பார்த்தாலும் 15ஆம் தேதியிலேயே நிற்கும்.

இனி கடிகாரத்துக்கு வருவோம். ஆப்பிள் கடிகாரம் ஐபோனின் நாட்காட்டிச் செயலியிலிருந்து எடுத்துக்கொள்வதால், கூகுள் கணக்கு ஐபோனில் சேர்க்கப்பட்டு அதன் நாட்காட்டிப் பகுதி இயக்கத்தில் இருக்க வேண்டும். புதிய நாட்காட்டி அங்கே தென்படாவிட்டால், உலாவியில் `calendar.google.com/calendar/syncselect` என்ற முகவரிக்குச் சென்று தாயகத்துக்கு நேரே குறியிடுங்கள். பிறகு ஐபோனிலுள்ள `Watch` செயலியின் `Calendar` பகுதியில் அது தெரிவாகியுள்ளதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் நாட்காட்டிச் செயலியின் அமைப்புகளில் அந்த நாட்காட்டிக்கு `Sync` இயங்க வேண்டும். சாம்சங் கடிகாரம் வைத்திருப்போர் தொலைபேசியின் சாம்சங் நாட்காட்டியிலும் அதற்குக் குறியிட வேண்டும்.

கடிகார முகப்பில் சில எழுத்துகளுக்கே இடம் உண்டு. பெயரின் முதல் சொல்லிலேயே பொருள் தெரிய வேண்டும் என்பதால்தான் மேலே தமிழ்த் தேதியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். மேலும், நேரம் குறித்த சந்திப்பு ஒன்று இருந்தால் முழுநாள் நிகழ்வு முகப்பில் இடம் பெறாமல் போகலாம். எனவே முதல் நாளே நினைவூட்டல் வருமாறு செய்வது பயனுள்ளது. ஐபோனின் நாட்காட்டியில் அந்த நிகழ்வுகளை ஒவ்வொன்றாகத் திறந்து `Alert` பகுதியில் `1 day before` என்று வைத்தால் போதும். முதல் நாள் காலையில் கை அதிரும்போது வங்கி வேலையை முடிக்க இன்னும் நேரம் இருக்கும். இராகு காலத்தையும் இதில் சேர்க்கச் சிலர் விரும்புகிறார்கள். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் முகப்பைப் பிடித்துக்கொள்ளும் அந்த நிகழ்வு, விடுமுறைகளை மறைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

புறப்படுமுன் ஒரு சோதனை செய்யலாம். தொலைபேசியின் தானியங்கி நேரத்தை நிறுத்தி, நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றிவிட்டுக் கடிகாரத்தின் நாட்காட்டியைத் திறந்து பாருங்கள். பொங்கல் 15ஆம் தேதியிலேயே முழுநாள் நிகழ்வாக நின்றால் எல்லாம் சரி. 14க்கோ 16க்கோ நகர்ந்திருந்தாலோ, அதன் அருகே மணி நேரம் தெரிந்தாலோ அந்த நிகழ்வு நேரம் குறித்ததாகப் பதிவாகியிருக்கிறது. பார்த்து முடித்ததும் தானியங்கி நேரத்தை மறுபடியும் இயக்கிவிடுங்கள், இல்லையெனில் விமான நிலையத்துக்குக் கிளம்பும் நேரம் குழம்பிவிடும்.