நைட் ஷிஃப்டுக்கு 'இன்னிக்கு வரல' என்று அனுப்பாதீர்கள்

வாளையாறு தாண்டி கேரளத்தின் கஞ்சிக்கோட்டில், ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் ஒருவர் இரவு 9.40-க்கு அனுப்பும் மெசேஜ் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"சேட்டா ஒடம்பு சுத்தமா முடியல, ஜுரம், மத்தியானத்துல இருந்து வாந்தி, சோறே எறங்கல. இன்னிக்கு வரல. நாளைக்கு பாக்கறேன்."

இதில் பெரிய தவறு 'இன்னிக்கு'தான். பத்து மணி ஷிஃப்ட் 14-ஆம் தேதி தொடங்கி 15-ஆம் தேதி காலை ஆறுக்கு முடிகிறது. சூப்பர்வைசர் இதை நள்ளிரவுக்குப் பிறகு படித்தால் 'இன்னிக்கு' எந்த ராத்திரி, 'நாளைக்கு' எந்த ராத்திரி? வருகைப் பதிவில் தேதி மாறி விழுந்தால் லீவு ஒரு நாளிலும் ஆப்சென்ட் இன்னொரு நாளிலும் ஏறிவிடும். அதனால் தேதி, ஷிஃப்ட் இரண்டையும் எண்ணில் போடுங்கள்.

அடுத்தது 'பாக்கறேன்'. மாற்று ஆளை ஒரு ராத்திரிக்குக் கேட்பதா, இரண்டுக்கா என்று சூப்பர்வைசரால் இதை வைத்து முடிவு செய்ய முடியாது. வருவது உறுதியில்லை என்றால் எத்தனை மணிக்குள் சொல்வீர்கள் என்றாவது எழுதுங்கள்.

நோய் விவரத்துக்குக் காய்ச்சல் என்ற ஒரு சொல்லே போதும். உணவுப்பொருள் பேக் செய்யும் இடமென்றால் மட்டும் வாந்தி, வயிற்றுப்போக்கை மறைக்கக் கூடாது. அது அங்கே சுகாதார விஷயம். சின்னம்மை, மெட்ராஸ் ஐ போன்ற ஒட்டுவதையும் எங்கே வேலை பார்த்தாலும் சொல்லிவிட வேண்டும்.

நேரில் 'சேட்டா' என்று கூப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் மெசேஜ் அப்படியே ஹெச்.ஆருக்குப் போகும். அங்கே 'சார்' தான் சரி, பெயரும் டோக்கன் எண்ணும் கட்டாயம். திருத்தினால் இப்படி வரும்:

"வணக்கம் சார். நான் செல்வம், ஃபுட் பேக்கிங், டோக்கன் 214. காய்ச்சலும் வாந்தியும் இருப்பதால் 14-ஆம் தேதி இரவு 10 மணி ஷிஃப்டுக்கு வர இயலவில்லை. ஒரு நாள் சிக் லீவு தரவும். ஸ்டோர் சாவி செக்யூரிட்டியிடம் உள்ளது. 15-ஆம் தேதி காலை டாக்டரைப் பார்க்கிறேன். 15-ஆம் தேதி இரவு ஷிஃப்டுக்கு வருவேனா என்பதை அன்று மாலை 4 மணிக்குள் சொல்கிறேன்."

தமிழ் பேசினால் புரியும், படிக்க வராது என்கிற மலையாளி சூப்பர்வைசருக்கு வாய்ஸ் மெசேஜ் மட்டும் போட்டுவிட்டு விடாதீர்கள். மெஷின் சத்தத்தில் யார் கேட்பார்கள்? முதலில் போன் செய்துவிட்டு, இதையே அவர் படிக்கும் மொழியில் அனுப்புங்கள்.

கையில் இல்லாத சர்ட்டிஃபிகேட்டை 'தர்றேன்' என்று மெசேஜில் ஒத்துக்கொள்ள வேண்டாம். இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் முதல் நாளே டிஸ்பென்சரிக்குப் போவது நல்லது. மூன்றாம் நாள் போய் முதல் நாள் தேதி போட்டுத் தரச் சொன்னால் சாதாரணமாகத் தரமாட்டார்கள். நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம் என்றாலும், பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஒரு நாள் காய்ச்சலுக்கு உங்கள் கணக்கில் மிச்சமிருக்கும் லீவுதான் கைகொடுக்கும்.