பேச வரும், எழுத வராது: இலக்கணப் புத்தகம் வாங்குவதில் நடக்கும் தவறுகள்

எங்கள் அக்கா மகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மெல்போர்னில். வீட்டில் கோபிச்செட்டிபாளையத்துப் பேச்சுதான் என்பதால் பேச்சில் குறையே இல்லை, "ஏனுங் மாமா, சாப்டாச்சுங்களா?" என்று ஊர்க்காரி மாதிரியே கேட்பாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஆனால் நாலு வரி எழுதச் சொன்னால் பேனா நகராது. முப்பது வயதில் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்தவளுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் புத்தகம் நன்னூல். தவறு என்னுடையதுதான். அதை எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்துக்காரர் என்று இங்கே எல்லோரும் சொல்வோம், நம்ம ஊர்ப் பெருமை கண்ணை மறைத்துவிட்டது. அது 13ஆம் நூற்றாண்டு நூல், எல்லாம் சூத்திரம், உரை இல்லாமல் நமக்கே புரியாது. எழுதத் தெரிந்தவனுக்கு ஏன் அப்படி எழுதுகிறோம் என்று சொல்லும் நூல் அது. 'நேத்து' என்பதை எப்படி எழுதுவது என்று அதில் தேடினால் கிடைக்காது.

அடுத்து அவளே ஒன்று வாங்கினாள், வெளிநாட்டவருக்கான பேச்சுத்தமிழ்ப் புத்தகம், முழுக்க ஆங்கில எழுத்தில். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததை இன்னொரு எழுத்தில் சொல்லித்தருகிற புத்தகத்தால் என்ன பயன்? ஒன்றாம் வகுப்புப் பாடநூலும் அப்படித்தான், அம்மா ஆடு இலை என்று இரண்டு நாளில் சலித்துப் போகும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவை பரவாயில்லை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அவளுக்கு எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, காதில் கேட்பதை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதினாள்: "நேத்து ஊட்டுக்கு ஒறம்பர வந்துருந்தாங்க. அவீங்களுக்கு சோறாக்கிப் போடோணும்னு அம்மா சொல்லிப்போட்டாங்க." இதுவே எழுத்தில், "நேற்று வீட்டுக்கு உறவினர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்கள்" என்று வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி வேலை ஒரு சின்னப் பட்டியலில் முடிந்துவிடுகிறது. ஆங்க என்றால் ஆர்கள், ஓணும் என்றால் வேண்டும், னு என்றால் என்று, நம் போட்டாங்க பெரும்பாலும் விட்டார்கள். த்து என்று ஒலிப்பதுதான் கொஞ்சம் ஏமாற்றும். நேத்து நேற்று ஆகும், காத்து காற்று ஆகும், ஆனால் பாத்து என்பது பார்த்து, பத்து என்ற எண் பத்துதான். இதை விதியாக மனப்பாடம் செய்ய முடியாது, சொல் சொல்லாகத்தான் பழக வேண்டும்.

அதனால் எந்தப் புத்தகத்தையும் வாங்குவதற்கு முன் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, அது இன்றைய உரைநடையைப் பற்றிப் பேசுகிறதா, செய்யுளைப் பற்றியா என்று மட்டும் பாருங்கள். எம்.ஏ. நுஃமான் எழுதிய 'அடிப்படைத் தமிழ் இலக்கணம்' முதல் வகை. தமிழிலேயே இருப்பதால் ஓரளவு வாசிக்கப் பழகிய பிறகு எடுத்தால் போதும்.

அகராதி வாங்குவதில் வேறு மாதிரித் தவறு நடக்கிறது. பெரிய அகராதியாக வாங்கி வைத்துக்கொண்டு 'நின்னான்' என்று தேடினால் எங்கே இருக்கும்? அகராதியில் அது 'நில்' என்ற தலைப்பில் இருக்கிறது, 'கேட்டான்' 'கேள்' என்பதில் இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இவளைப் போன்றவர்களுக்குச் சரியாக இருக்கும். வினைச்சொல்லை அடுத்து அடைப்புக்குறிக்குள் நிற்க, நின்று என்று வடிவங்களும் வரும், பொருள் ஆங்கிலத்திலும் இருக்கும். நின்று என்பதைப் பார்த்துவிட்டால் நின்றான், நின்றேன் எல்லாம் தானாக வந்துவிடும்.

கடைசியாக ஒற்று. சந்தி விதிகளுக்கென்றே இருக்கும் புத்தகத்தை முதல் மாதமே வாங்கி, க் போடலாமா ச் போடலாமா என்ற பயத்தில் எழுதுவதையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்துக்கு மூன்று இடம் போதும், அதுவும் அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும். 'கு' உருபுக்குப் பின் (கடைக்குப் போனேன்), 'ஐ' உருபுக்குப் பின் (படத்தைப் பார்த்தேன்), அந்த இந்த எந்தவுக்குப் பின் (அந்தக் கடை). அக்கா மகள் இப்போது இந்த மூன்றில் தப்புவதில்லை. மற்ற இடங்களில் விட்டுவிட்டுத்தான் எழுதுகிறாள், நானும் இப்போதைக்குத் திருத்துவதில்லை.