மாப்பிள்ளையின் கோட்டில் வானவில் பட்டைகள்: கிம்ப் மென்பொருளில் மொய்ரே நீக்கும் முறை

திருமண வரவேற்புப் படங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். மணமக்களின் முகம் தெளிவாக இருக்கும், பட்டுப்புடவையின் நிறம் சரியாக வந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையின் கோட்டில் மட்டும் சிவப்பும் பச்சையுமாக வளைந்த பட்டைகள் ஓடும். துணியில் அப்படி எந்த நிறமும் கிடையாது. இதைத்தான் மொய்ரே என்கிறோம். பொடிக்கட்டச் சட்டை, நுண்கோட்டுத் துணி, மெல்லிய வலைத்துணி எல்லாவற்றிலும் இது வரும். கணினி, தொலைக்காட்சித் திரைகளைப் படமெடுத்தாலும் வரும்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்: கருநீலக் கோட், 24 மெகாபிக்சல் கேமரா, கிம்ப் 2.10. இலவச மென்பொருள் என்பதால் யாரும் கூடவே செய்து பார்க்கலாம்.

முதலில், பட்டை எங்கிருந்து வருகிறது?

காரணம் புரிந்தால்தான் பின்னால் வரும் எண்களை உங்கள் படத்துக்கு ஏற்ப மாற்ற முடியும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் இரண்டிலும் இல்லாத அலைகள் தெரியும் அல்லவா? இங்கே ஒரு வலை துணியின் நெசவு, இன்னொன்று கேமரா சென்சாரின் பிக்சல் வரிசை.

நம் படத்தையே கணக்கிடுவோம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, 2.4 மீட்டர் உயரத்துக்குக் காட்சியை அடக்கியிருக்கிறோம். அந்த உயரத்தில் 6000 பிக்சல்கள் இருப்பதால், ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டரை பிக்சல். கோட்டின் நெசவு 0.8 மில்லிமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றால், ஒரு வெளிர் இழையும் ஒரு அடர் இழையும் சேர்ந்து சரியாக இரண்டு பிக்சலில் விழும்.

சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பதிவு செய்கிறது. பாதி பிக்சல்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. சிவப்புப் பிக்சல்கள் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் அமைந்திருக்கும். அதனால் நம் கோட்டின் ஓரிடத்தில் சிவப்புப் பிக்சல்கள் எல்லாம் வெளிர் இழையையே பார்க்கின்றன, நீலப் பிக்சல்கள் எல்லாம் அடர் இழையையே பார்க்கின்றன. அங்கே சிவப்பு மிகுந்ததாகக் கேமரா தவறாக முடிவு செய்கிறது. துணி சற்றே வளையும் இடத்தில் நிலைமை தலைகீழாகிறது, நீலம் மிகுகிறது. இப்படி மாறி மாறி வருவதுதான் பட்டை. துணியின் மடிப்பையும் வளைவையும் ஒட்டியே பட்டைகள் நெளிவதற்கும் இதுவே காரணம்.

இதைத் தடுக்கப் பல கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் படத்தை நூலளவு மங்கலாக்கும் வடிகட்டி இருக்கும். கூர்மை கூட வேண்டும் என்று அதை விட்டுவிடும் கேமராக்களும் உண்டு. நிகான் 2012-ல் டி800, டி800இ என இரண்டு மாதிரிகளை வெளியிட்டது. இரண்டாவதில் இந்த வடிகட்டியின் விளைவு நீக்கப்பட்டிருந்தது. துணி விளம்பரம், திருமணம் எடுப்பவர்கள் தம் கேமரா எந்த வகை என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது.

படி 1: பட்டை உண்மையில் படத்தில் இருக்கிறதா?

இதைத் தவறவிடாதீர்கள். படத்தைத் திரைக்குள் அடக்கச் சுருக்கிக் காட்டும்போதும் மொய்ரே தோன்றும். அது கோப்பில் இருக்காது. கிம்ப்பில் எண் `1` விசையை அழுத்தினால் படம் முழு அளவில் தெரியும். அப்போது பட்டை மறைந்துவிட்டால் நீக்க எதுவும் இல்லை. நேராகக் கடைசிப் படிக்குப் போகலாம்.

படி 2: நிறப் பட்டையா, ஒளிப் பட்டையா?

`Colors > Desaturate > Desaturate` கொடுத்து, `Luminance` என்பதைத் தேர்ந்தெடுத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். கோட் சீராகத் தெரிந்தால், கோளாறு நிறத்தில் மட்டும்தான். துணியின் இழை விவரம் அப்படியே பத்திரமாக இருக்கிறது, முழுமையாகச் சரிசெய்துவிடலாம். கறுப்பு வெள்ளையிலும் வெளிச்சமும் நிழலுமாகப் பட்டை தெரிந்தால் அது ஒளிப் பட்டை. அதற்கு வைத்தியம் பாதிதான். பார்த்ததும் `Ctrl+Z` அழுத்தி நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

படி 3: பட்டையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்

`Measure` கருவியால் ஒரு சிவப்புப் பட்டையின் நடுவிலிருந்து அடுத்த சிவப்புப் பட்டையின் நடு வரை இழுங்கள். நம் படத்தில் 40 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மங்கலாக்கும் அளவு இதில் பாதி, அதாவது 20. கால் பங்கு மட்டும் வைத்தால் பட்டை வெளிறுமே தவிர மறையாது. பாதி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கரைந்துவிடும். ஒரே கோட் துணியில் வெவ்வேறு அகலத்தில் பட்டைகள் இருந்தால், இருப்பதிலேயே அகலமானதை அளவாகக் கொள்ளுங்கள்.

படி 4: நிறத்தை மட்டும் கரைப்பது

`Shift+Ctrl+D` அழுத்தி லேயரை நகலெடுங்கள். மேல் லேயரின் `Mode` பட்டியலில் `LCh Color` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அந்த லேயரிலிருந்து நிறம் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படும். வெளிச்சமும் இழை விவரமும் கீழ் லேயரிலிருந்து வரும். எனவே மேல் லேயரை எவ்வளவு மங்கலாக்கினாலும் துணியின் கூர்மை குறையாது.

அடுத்து `Filters > Blur > Gaussian Blur` திறந்து `Size X`, `Size Y` இரண்டிலும் 20 கொடுங்கள். கோட்டில் பட்டைகள் மறைந்து கருநீலம் சீராகப் பரவும். அதே நேரத்தில் உதட்டின் சிவப்பு கன்னத்துக்குள் வழிந்திருக்கும், புடவைக் கரையின் நிறம் கலங்கியிருக்கும். பதற வேண்டாம், கோட்டைத் தவிர மற்ற இடங்களை அடுத்து மறைக்கப்போகிறோம்.

`Layer > Mask > Add Layer Mask` திறந்து `Black (full transparency)` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கறுப்பு முகமூடி மேல் லேயரை முழுவதும் மறைப்பதால் படம் பழையபடி ஆகிவிடும். இப்போது ஓரம் மென்மையான தூரிகையை எடுத்து, வெள்ளை நிறத்தால் கோட்டின் மேல் தீட்டுங்கள். தீட்டிய இடத்தில் மட்டும் பட்டை போகும். தாண்டிப் போய்விட்டால் கறுப்பால் தீட்டினால் சரியாகிவிடும். தீட்டியும் பட்டை போகவில்லை, அல்லது நிறம் கெடுகிறது என்றால், லேயர் பட்டியலில் முகமூடிக்குப் பதிலாகப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். முகமூடியின் சிறு படத்தைச் சொடுக்கிவிட்டுத் தொடருங்கள்.

படி 5: ஓரங்கள்

புதிதாகச் செய்பவர்களின் படங்களில் வேலை காட்டிக்கொடுப்பது ஓரங்களில்தான். கோட்டின் கழுத்துப்பட்டி வெள்ளைச் சட்டையைத் தொடும் இடத்தில், கை விரல்கள் கோட்டின் மேல் படியும் இடத்தில், மங்கலான லேயரில் அக்கம்பக்கத்து நிறம் ஊறியிருக்கும். மணப்பெண் சிவப்புப் புடவையில் பக்கத்தில் நின்றால் கோட்டின் விளிம்பில் 20, 30 பிக்சலுக்குச் செம்மை ஏறிவிடும்.

அந்த ஓரங்களை முகமூடியில் தீட்டாமல் விட்டுவிட்டு, அவற்றுக்குத் தனியாக ஒரு வெற்று லேயரைச் சேருங்கள். அதற்கும் `LCh Color` கொடுங்கள். `Color Picker` கருவியில் `Sample average` என்பதை இயக்கி, கோட்டில் பட்டை விழாத ஓர் இடத்தில் சொடுக்கினால் துணியின் உண்மையான நிறம் கிடைக்கும். சிறிய தூரிகையால் அந்த நிறத்தை ஓரத்தில் நேரடியாகத் தீட்டுங்கள். இங்கும் நிறம் மட்டுமே மாறும், நிழலும் இழையும் அப்படியே இருக்கும்.

அப்படியானால் கோட் முழுவதையும் இப்படியே தீட்டிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். மேடை விளக்கு ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் வெண்மையாகவும் விழுந்திருக்கும். ஒரே நிறத்தால் முழுவதும் தீட்டினால் அந்த வேறுபாடு அழிந்து, கோட் வெட்டி ஒட்டியது போலாகிவிடும்.

படி 6: ஒளிப் பட்டை மிச்சமிருந்தால்

`Layer > New from Visible` கொடுத்து இதுவரை செய்ததை ஒரே லேயராக்குங்கள். பிறகு `Filters > Enhance > Wavelet decompose` திறந்து ஐந்து நிலைகளாகப் பிரியுங்கள். `Scale 1`, `Scale 2` லேயர்களில் இழை போன்ற நுண்ணிய விவரம் இருக்கும். எண் கூடக் கூடப் பெரிய வடிவங்கள் வரும். 40 பிக்சல் பட்டை பெரும்பாலும் `Scale 4`, `Scale 5` இரண்டிலும் தங்கியிருக்கும். `Free Select` கருவியால் பட்டை உள்ள பகுதியைச் சுற்றி வளைத்து, அந்த இரண்டு லேயர்களில் மட்டும் `Gaussian Blur` கொடுங்கள். 10-ல் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. கோட்டின் உண்மையான சுருக்கங்களும் மடிப்புகளும் இதே அளவு கொண்டவை, அவையும் சேர்ந்து கரையும். முழங்கை மடிப்பு தட்டையாகத் தெரியத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மெலிதாகப் பட்டை மிஞ்சிய கோட், மெழுகில் வார்த்தது போன்ற கோட்டை விட மேல்.

திரையைப் படமெடுத்திருந்தால்

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்தே இருப்பதால் நிறப் பட்டையும் ஒளிப் பட்டையும் சேர்ந்து வரும். மேலே சொன்ன வழிகளால் ஓரளவு குறையும், அவ்வளவுதான். முடிந்தால் திரும்ப எடுங்கள். கேமராவை முன்னோ பின்னோ ஓரடி நகர்த்துங்கள் அல்லது சிறிது சாய்த்துப் பிடியுங்கள்.

துணிக்கும் இதே உபாயம் பலிக்கும். 24 மெகாபிக்சல் முழுச்சட்டகக் கேமராவில் லென்ஸின் துளையை எஃப்/16 வரை சுருக்கினால், ஒளியே சற்றுச் சிதறி வடிகட்டியின் வேலையைச் செய்துவிடும். மேடை வெளிச்சத்தில் அதற்கு ஃபிளாஷ் தேவைப்படும்.

படி 7: அனுப்பும் முன் சுருக்குவது

இவ்வளவும் செய்த பிறகு, படத்தை 6000-லிருந்து 1500 பிக்சலுக்குச் சுருக்கும்போது பட்டை புதிதாக முளைக்கலாம். நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும்போது துணியின் இழை மறுபடியும் பிக்சல் வரிசையோடு மோதுவதே காரணம். முதலில் `Image > Flatten Image` கொடுத்து லேயர்களை ஒன்றாக்குங்கள். `Image > Scale Image` திறந்து `Interpolation` இடத்தில் `NoHalo` தேர்ந்தெடுத்துச் சுருக்குங்கள். பட்டை வந்தால் `Ctrl+Z` அழுத்திப் பின்னால் போய், கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து `Gaussian Blur` அளவு 2 கொடுத்துவிட்டு மறுபடி சுருக்குங்கள். சுருக்கிய படத்தில் அந்த மங்கல் தெரியாது. கூர்மையாக்குவதாக இருந்தால் இதற்குப் பிறகுதான் செய்ய வேண்டும், அதுவும் கோட்டைத் தவிர்த்து முகத்திலும் நகையிலும் மட்டும்.