கணக்கெடுப்புக்கு முன் போய், பின் திரும்பி வரும் உரமூடைகள்: எக்செல்லில் பிடிப்பது எப்படி

தோட்ட ஸ்டோரில் உரம் குறைந்தால், அதை மறைக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கணக்கெடுப்புக்கு முன்தினம் அந்த மூடைகளை ஏதாவது ஒரு டிவிஷனுக்குக் கொடுத்ததாக ஒரு இஷூ நோட் போட்டால் போதும். எண்ணும்போது புத்தகமும் ஸ்டோரும் ஒத்துப்போகும். சில நாள் கழித்து, அதே அளவு திரும்பி வந்ததாகவோ அட்ஜஸ்ட்மென்டாகவோ பதிந்துவிடலாம். கணக்கெடுப்பு அறிக்கையில் இது தெரியவே தெரியாது. பதிவுகளை வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் சிஸ்டத்திலிருந்து கணக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பும் பின்பும் உள்ள எல்லாப் பதிவுகளையும் CSV ஆக எடுங்கள். A: சிஸ்டத்தில் பதிந்த தேதி, B: நோட்டில் உள்ள தேதி, C: நோட் எண், D: வகை (GRN வரவு, ISS இஷூ, RTN திரும்பியது, ADJ அட்ஜஸ்ட்மென்ட்), E: பொருள் கோட், F: அளவு (வெளியே போவது மைனஸ்), G: பதிந்தவர். சிஸ்டத்தோடு வரும் ரெடிமேட் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. பெரும்பாலும் அவற்றில் ஒரு தேதிதான் இருக்கும். நமக்கு இரண்டும் வேண்டும்.

அடுத்தது தேதி. எனக்கு அதிக நேரம் போனது இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால், CSV-ஐ டபுள் கிளிக் செய்து திறந்ததுமே 02/04 என்பது பிப்ரவரி 4 ஆகிவிடும். 28/03 என்பதை அது தேதியாகவே எடுக்காது. வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். அதாவது மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்கள் சத்தமில்லாமல் தவறாகும், மீதி நாட்கள் சூத்திரத்தில் விழாது. திறந்தபின் திருத்தப் பார்க்க வேண்டாம். வெற்றுத் தாளில் Data மெனு வழியாக இறக்கி, தேதிப் பத்திகளுக்கு DMY கொடுங்கள். `=ISNUMBER(A2)` போட்டுக் கீழே இழுத்தால் எல்லா வரியிலும் TRUE வரவேண்டும். முதல் பன்னிரண்டு நாட்களில் வந்த இரண்டு மூன்று நோட்டுகளைக் கையில் எடுத்து ஒப்பிட்டும் பாருங்கள்.

இப்போது H2-ல்:

```
=IF(OR(D2="ISS",D2="ADJ"),COUNTIFS(E:E,E2,D:D,"<>GRN",F:F,-F2,A:A,">="&A2,A:A,"<="&A2+14),0)
```

அதே பொருள், அதே அளவு, எதிர்த் திசையில், 14 நாளுக்குள் திரும்பியிருந்தால் 1 அல்லது அதற்கு மேல் வரும். I2-ல் `=A2-B2` போடுங்கள். நோட்டின் தேதிக்குப் பல நாள் கழித்துப் பதிந்தவை அதில் தெரியும்.

ஒரு உதாரணம். கணக்கெடுப்பு மார்ச் 30. மார்ச் 28 தேதியிட்ட நோட்டில் உரம் 12 மூடை கீழ் டிவிஷனுக்குப் போகிறது. ஏப்ரல் 2-ல் 12 மூடை RTN. இரண்டையும் பதிந்தவர் ஒருவரே. H-ல் 1 வருகிறது.

இதை வைத்து யாரையும் குற்றம் சொல்லிவிடக் கூடாது. மழை கொட்டினால் உரம் போடுவதை நிறுத்தி மூடைகளைத் திருப்பி அனுப்புவது நம் மலைப்பக்கத்தில் சாதாரணம். மூடைக்குப் பதில் கிலோவில் பதிந்து, பின்பு திருத்துவதும் நடக்கும். அதனால் மூன்று இடத்தில் பாருங்கள். டிரக்டர் ஓடின புத்தகத்தில் போனதும் வந்ததும் இருக்கிறதா? அந்த நாட்களில் செக்ரோலில் உர வேலைக்குப் பேர் விழுந்திருக்கிறதா, அல்லது மழையால் நின்றதென்று கணக்கப்பிள்ளை சொல்கிறாரா? மார்ச் 30 அன்று டிவிஷன் ஸ்டோரையும் எண்ணியிருந்தால், அந்த 12 மூடை அங்கே இருந்ததா? உண்மையாகப் போன மூடை எங்காவது ஒரு இடத்தில் தடம் விட்டிருக்கும்.

எங்கும் தடமில்லை என்றால், அடுத்த கணக்கெடுப்புவரை காத்திருக்க வேண்டாம். திரும்பியதாகப் பதிந்த உடனே புத்தகத்தில் 12 கூடிவிடும், ஸ்டோரில் கூடாது. அதனால் RTN விழுந்த மறுநாளே, சொல்லாமல் போய் அந்த ஒரு பொருளை மட்டும் எண்ணுங்கள். கூட இன்னொரு கிளாக்கரை நிறுத்தி, ஸ்டோர் இருப்பு எழுதும் பின் கார்டில் இருவரும் அப்போதே கையெழுத்துப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: 12 போய் 7-ம் 5-மாகத் திரும்பினால் என்ன செய்வது என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி, மேலே உள்ள சூத்திரம் அதைத் தவறவிடும். கணக்கெடுப்புத் தேதியை K1-ல் வைத்து இதைச் சேருங்கள்:

```
=SUMIFS(F:F,E:E,E2,D:D,"RTN",A:A,">"&$K$1,A:A,"<="&$K$1+14)
```

RTN இருக்கும் இடத்தில் ADJ போட்டு இன்னொரு பத்தியும் வையுங்கள். கணக்கெடுப்புக்கு முந்திய மூன்று நாள் இஷூக்களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டால் போதும். ஆனால் போட்டதாக எழுதி, திரும்பவே வராத மூடைகளை இந்த இரண்டு சூத்திரமும் காட்டாது. அதற்கு இஷூ தேதியையும் செக்ரோலையும் நாள் நாளாகப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.