ஏ1சி குறைந்ததா, இரத்தம் குறைந்ததா? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

அப்பாவின் சர்க்கரை நோய்க்குப் பார்க்கும் ஏ1சி 7.9-லிருந்து 6.1-க்கு இறங்கியதும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். வயிற்றுப் புண்ணில் இரத்தம் கசிந்து, இரண்டு யூனிட் இரத்தம் ஏற்றி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சர்க்கரை, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். அப்படி எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்பதே ஏ1சி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில்தான் அதை இரண்டு மூன்று மாதச் சராசரியாகப் படிக்கிறோம். இரத்தம் போனால் பழைய அணுக்களும் போய்விடும். எலும்பு மஜ்ஜை புதியவற்றை அனுப்பும். அவை சர்க்கரையில் ஊறியது சில வாரம்தான். ஏற்றிய இரத்தமோ வேறொருவர் உடம்பில் இருந்தது. எண் குறையாமல் என்ன செய்யும்?

படி 1. ரிப்போர்ட் தேதிக்கு முந்தைய மூன்று மாதத்தில் இரத்தப்போக்கு, அறுவை சிகிச்சை, இரத்தம் ஏற்றியது ஏதாவது உண்டா என்று பாருங்கள். ஹீமோகுளோபின் அளவையும் பாருங்கள். அப்பாவுக்கு 9.4, அதாவது இரத்தசோகை.

படி 2. இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதுங்கள். நான் சறுக்கியது இங்கேதான்: முதலில் வெறும் வயிற்று அளவை மட்டும் எடுத்தேன், சராசரி அழகாக வந்தது. சாப்பிட்ட பின் ஏறுவது அதில் தெரியாது. சாப்பாட்டுக்கு முன், இரண்டு மணி நேரம் கழித்து, இரண்டுமே வேண்டும். அப்பாவின் ஒரு நாள்: 148, 231, 176, 205. சராசரி 190. மற்ற நாட்களும் இதையொட்டியே இருந்தன. செயலியை விட நோட்டுப் புத்தகமே எனக்குப் பிடிக்கும். டாக்டர் ஒரே பார்வையில் படித்துவிடுவார்.

படி 3. ஏ1சியைச் சராசரிச் சர்க்கரையாக மாற்றுங்கள்.

```
eAG (mg/dL) = 28.7 × A1C − 46.7
28.7 × 6.1 − 46.7 ≈ 128
```

ரிப்போர்ட் சொல்வது 128, மீட்டர் சொல்வது 190. அதாவது ஏ1சி 8.2 பக்கம் இருந்திருக்க வேண்டும். மீட்டரிலும் பிழை வரும், அதனால் சின்ன வித்தியாசத்துக்குப் பதறாதீர்கள். இது சின்னது இல்லை.

படி 4. மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நோட்டோடு டாக்டரிடம் போய், ஃப்ரக்டோசமைன் பரிசோதனை உதவுமா என்று கேளுங்கள். அது இரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது; இரண்டு மூன்று வாரக் கதை சொல்லும், சிவப்பணுவைச் சார்ந்ததில்லை. ஆனால் ஆல்புமின் மிகக் குறைவாக இருந்தால் அதையும் நம்ப முடியாது.

பின்சேர்க்கை: "எனக்கும் இரத்தசோகை, ஆனால் ஏ1சி கூடியிருக்கிறதே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரும்புச்சத்துக் குறைவில் அப்படி நடக்கும். புது அணுக்கள் வருவது மந்தமாகி, இருப்பவை வயதானவையாக இருப்பதால் சர்க்கரை ஏறாமலேயே எண் சற்று ஏறலாம். இரும்பு மாத்திரை தொடங்கினால் புது அணுக்கள் பெருகி எண் இறங்கும். அது சர்க்கரை மாத்திரையின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.